"100% மக்கும் பை" என்று அச்சடிக்கலாமா?

கேட்டவர்: சோப்புத் தூளுக்குப் புதுப் பை எடுத்திருக்கிறேன். வெளியே காகிதம், உள்ளே தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் படலம், மேலே ஜிப். பை தந்தவர், மக்கும் பொதிகளுக்கான ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 13432 சான்றிதழ் நகலும் அனுப்பினார். முகப்பில் "100% மக்கும், சுற்றுச்சூழலுக்கு உகந்த பை" என்று போட்டு, பக்கத்தில் ஒரு பச்சை இலை. சிக்கல் வருமா?

பதில் 1: "உகந்த" என்பதை எடுத்துவிடுங்கள். "மக்கும்" என்பதற்குப் பதில் "இயற்கையில் சிதையும்" என்று போடுங்கள். காலக்கெடு சொல்லாததால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

பதில் 2: முதல் பாதி சரி. "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" போன்ற பொதுச்சொற்களை, சுற்றுச்சூழல் உறுதிமொழிகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 14021-ஏ வேண்டாம் என்கிறது. இரண்டாவதுதான் வம்பு. எங்கே, எத்தனை நாளில் என்று சொல்லாவிட்டால் குப்பைமேட்டிலும் சிதையும் என்று வாங்குபவர் நினைப்பார். அதை எப்படி நிரூபிப்பீர்கள்? முதலில் சான்றிதழைப் பாருங்கள். யார் பெயரில், எந்தப் பொருளுக்கு, எவ்வளவு தடிமன் வரை?

கேட்டவர்: படலம் செய்தவர் பெயரில் இருக்கிறது. படலத்துக்கு மட்டும், 60 மைக்ரான் வரை. என்னுடையது 50. பை மொத்தம் 9 கிராம், அதில் ஜிப் 0.8.

பதில் 2: தடிமன் பரவாயில்லை, ஆனால் சான்று பைக்கு இல்லை. ஜிப் சாதாரண பிளாஸ்டிக் என்றால் எடையில் ஏறக்குறைய 9%. சிதைவதைத் தனியாகக் காட்டாத கூறு ஒவ்வொன்றும் 1%-க்குள், எல்லாம் சேர்த்து 5%-க்குள் இருக்க வேண்டும் என்பது ஈஎன் 13432 விதி. பசையையும் மையையும் இன்னும் எண்ணவே இல்லை. அதோடு, அது தொழில்முறை உரக்கூடத்துக்கான சான்று. சோதனைச் சூடே 58 டிகிரி செல்சியஸ் அளவில். வீட்டுக் குப்பைக்குழியில் அந்தச் சூடு நிற்காது.

"உள் படலம் மட்டும் மக்கும்" என்று போடுவது உண்மைதான். ஆனால் காகிதத்தோடு ஒட்டிய படலத்தை யார் உரித்தெடுப்பார்? நானாக இருந்தால் ஜிப்பை மாற்றி முழுப் பையையும் சோதிக்கும் வரை மக்குவதைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டேன். பழைய பை எவ்வளவு எடை?

கேட்டவர்: 12 கிராம். அதே கொள்ளளவு.

பதில் 2: அப்போ "இதே அளவுள்ள எங்கள் முந்தைய பையைவிட 25% எடை குறைவு" என்று போடுங்கள். இரண்டையும் எடைபோட்ட குறிப்பைத் தேதியோடு வைத்திருங்கள்.

பதில் 3: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் அட்டைப்பெட்டியில் 70% மறுசுழற்சிக் காகிதம். மறுசுழற்சிக் குறியான அம்பு வளையத்தை மட்டும் போட்டிருக்கிறேன், சரிதானே?

பதில் 2: இல்லை. எண் இல்லாத வளையம் "இதை மறுசுழற்சி செய்யலாம்" என்றாகிவிடும். நீங்கள் சொல்ல வந்தது எதிலிருந்து செய்தது என்பது. 70% என்று சேர்த்தே போடுங்கள்.

கேட்டவர்: ஜிப் என்ன பொருள் என்று பை தந்தவரைக் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. வடிவமைப்பாளர் இலையை எடுக்க மறுக்கிறார், வெறும் அலங்காரமாம்.

பதில் 1: இலையை விடுங்கள். எழுத்தில்லாத படம் எப்படி உறுதிமொழியாகும்?

பதில் 2: பச்சை இலையைப் பார்த்து வாங்குபவர் வேறு என்ன நினைப்பார்? எடை வரிக்குப் பக்கத்தில் வைத்தால்கூட எனக்கு உறுத்தும்.