ஒளிச்சேர்க்கை ஓட்டப்படத்தில் ஆக்சிஜன் கணக்கு இடிக்கிறது, எந்த அம்பு தப்பு?

வெண்ணிலா
டியூஷனுக்கு வரும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்காக சார்ட் பேப்பரில் இரண்டு பெட்டி வரைந்திருக்கிறேன். முதல் பெட்டி ஒளி வினை: உள்ளே வெளிச்சமும் 6 H₂Oவும், வெளியே 6 O₂, ஏடிபி, என்ஏடிபிஎச். இரண்டாவது கால்வின் சுழற்சி: உள்ளே 6 CO₂, வெளியே ஒரு குளுக்கோஸ். மொத்தமாகப் பார்த்தால் சரியாக வருகிறது. ஆனால் ஒரு பையன் முதல் பெட்டியை மட்டும் எண்ணிவிட்டு, "மிஸ், 6 தண்ணீரில் 6 ஆக்சிஜன் அணுதானே இருக்கு, 12 எப்படி வெளியே வரும்?" என்று கேட்டுவிட்டான். என்ன செய்வது?

கொடிமுல்லை
மீதி 6 அணு CO₂இலிருந்து வருகிறது. 6 CO₂இல் 12 இருக்கிறது, குளுக்கோஸுக்கு 6 போதும். இரண்டாவது பெட்டியிலிருந்தும் O₂க்கு ஓர் அம்பு போட்டுவிடுங்கள், முடிந்தது.

ஓய்வுபெற்ற தாவரவியல்
CO₂இல் 6 அணு மிஞ்சுவது உண்மை. அது O₂ ஆவதில்லை, தண்ணீராகிறது. 1941இல் ரூபன், காமன் குழுவினர் கனமான ஆக்சிஜன்-18 கலந்த தண்ணீரைக் குளோரெல்லா பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளிவந்த வாயுவில் ஆக்சிஜன்-18இன் விகிதம் தண்ணீரில் இருந்ததை ஒட்டியே இருந்தது, கார்பனேட்டில் இருந்ததை ஒட்டி அல்ல. அதனால் O₂ அம்பு முதல் பெட்டியிலிருந்து மட்டும்தான் கிளம்ப வேண்டும். 12 அணு வேண்டுமென்றால் 12 தண்ணீர் உள்ளே போக வேண்டும். இப்படி வரையுங்கள்:

```
ஒளி + 12 H₂O → [ஒளி வினை] → 6 O₂
      ↓ 12 NADPH, 18 ATP
      ↑ 12 NADP⁺, 18 ADP, 18 Pi
6 CO₂ → [கால்வின் சுழற்சி] → C₆H₁₂O₆ + 6 H₂O
```

ஹைட்ரஜனையும் எண்ணிப் பாருங்கள். 12 தண்ணீரில் 24. அதில் 12 குளுக்கோஸுக்கு, 12 கீழே வெளிவரும் 6 தண்ணீருக்கு. இரண்டு பக்கமும் 6 தண்ணீரை அடித்துவிட்டால் உங்கள் பழைய சமன்பாடு வந்துவிடும். அடித்ததால்தான் பையனுக்கு இடித்தது.

மீன்தொட்டி
எனக்கும் இதில் ஒரு சந்தேகம். என் தொட்டியில் செடி வைத்திருக்கிறேன். இரண்டாவது பெட்டிக்கு வெளிச்சம் தேவையில்லையே, அதனால் விளக்கை அணைத்தபின் இரவு முழுக்க CO₂ விடுகிறேன். சரிதானே?

ஓய்வுபெற்ற தாவரவியல்
வேண்டாம் தம்பி, நிறுத்திவிடுங்கள். படத்தில் மேலேயும் கீழேயும் போகும் அந்த நடு அம்புகளைப் பாருங்கள். கால்வின் குழுவினர் கார்பன்-14 கொடுத்த பாசியில் விளக்கை அணைத்தபோது, CO₂ சேர்ந்ததும் முதலில் உருவாகும் பாஸ்போகிளிசரிக் அமிலம் தேங்கியது, CO₂ஐப் பிடிக்கும் ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் குறைந்தது. மேலிருந்து ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் வராததால் அமிலம் சர்க்கரையாக மாற வழியில்லை, சுழற்சி பாதியில் நிற்கிறது. விளக்கை எரியவிட்டு CO₂ஐக் குறைத்தால் தலைகீழ்: அமிலம் குறையும், ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் தேங்கும். இரவில் நீங்கள் விடும் வாயுவைச் செடி எடுக்காது, மீனுக்குத்தான் மூச்சு முட்டும்.

வெண்ணிலா, திரும்பிப் போகும் அம்பை உங்கள் சார்ட்டிலும் விடாதீர்கள். அது இல்லாத படம் இவர் நினைத்ததைப் போலத்தான் படிக்கப்படும்.

பச்சைக்கணக்கு
சார், 18 ஏடிபி எனக்கு ஒத்துவரவில்லை. 12 தண்ணீர் உடைந்தால் 24 எலக்ட்ரான். ஒவ்வொன்றுக்கும் 3 புரோட்டான் என்றால் 72. பசலைக்கீரையின் ஏடிபி நொதியில் சுழலும் வளையத்துக்கு 14 துண்டு, ஒரு சுற்றுக்கு 14 புரோட்டான், கிடைப்பது 3 ஏடிபி. அப்படியானால் 15.4தான் வருகிறது. கிட்டத்தட்ட 2.6 குறைகிறதே?

ஓய்வுபெற்ற தாவரவியல்
நல்ல கேள்வி. குறைவது உண்மைதான். தண்ணீரை உடைக்காமல், என்ஏடிபிஎச்சும் செய்யாமல், எலக்ட்ரான்கள் முதலாம் ஒளி அமைப்பைச் சுற்றி வரும் சுழல் ஓட்டம் ஏடிபியை மட்டும் தரும். பற்றாக்குறையின் பெரும்பகுதியை அதுதான் நிரப்புவதாகச் சொல்வார்கள். வேறு வழிகளும் உண்டு. எது எவ்வளவு என்பது செடியையும் வெளிச்சத்தையும் பொறுத்து மாறும், அதனால் நான் எண் போடமாட்டேன். முதல் பெட்டியின் மேல் ஒரு சிறு வளைய அம்பு போதும்.

கொடிமுல்லை
பதினோராம் வகுப்புக்கு அந்த வளையம் அதிகம். படம் எளிமையாக இருக்க வேண்டும் என்றுதானே கேட்டார்?

பச்சைக்கணக்கு
வளையம் இல்லாமல் 18 என்று எழுதினால், தண்ணீரை எண்ணிய அதே பையன் நாளை இதையும் எண்ணுவான்.

வெண்ணிலா
அவன் எண்ணுவான்தான். வளையத்தைப் புள்ளிக் கோட்டில் போடுகிறேன். இன்னொன்று: சுழற்சியிலிருந்து நேராக வெளியே வருவது மூன்று கார்பன் சர்க்கரை பாஸ்பேட் என்று படித்தேன். குளுக்கோஸை அழித்துவிட்டு அதில் இரண்டு என்று எழுதலாமா?

ஓய்வுபெற்ற தாவரவியல்
எழுதலாம், ஆனால் மற்ற எண்களும் மாறும். அந்த இரண்டு சர்க்கரையும் ஆளுக்கொரு பாஸ்பேட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும், திரும்புவது 16தான். தண்ணீர்க் கணக்கையும் மறுபடி போட வேண்டும். குளுக்கோஸையே விட்டுவிட்டு, அதற்குப் போகும் அம்பின் மேல் "மூன்று கார்பன் சர்க்கரை வழியாக" என்று எழுதுங்கள்.