சனிக்கிழமை விடியப்புறம் மட்டும் அப்பாவுக்குத் தலை சுற்றிய கதை

கல்லடிக்காரன்:

அப்பாவுக்கு வயது 71. புரோஸ்டேட் வீங்கி, இரவில் நாலு தரம் சலம் கழிக்க எழும்பிக்கொண்டிருந்தார். கிளினிக்கில் டம்சுலோசின் 0.4 மில்லிகிராம் கேப்சூல் தந்தார்கள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. ஒரு மாதத்துக்குள் நாலு தரம் இரண்டு தரமாகக் குறைந்தது. நாங்களும் சந்தோஷமாக மறந்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் வினை. ஒரு நாள் விடியப்புறம் இரண்டு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இருட்டுகிறது என்றார். இரண்டு கிழமை கழித்துக் குசினி வாசலில் அப்படியே குந்திவிட்டார். மூன்றாம் தரம் கக்கூஸ் படியில் விழுந்து புருவம் கிழிந்து மூன்று தையல். மூன்றுமே சனிக்கிழமை விடியப்புறம். அம்மா உடனே நவக்கிரகத்துக்கு எள்ளெண்ணெய் விளக்கு வைக்கத் தொடங்கிவிட்டார். உண்மையைச் சொன்னால் நானும் பாதி நம்பினேன்.

தையல் போட்ட அன்று ஆஸ்பத்திரியில் இருந்த மிஸ்ஸி கேட்ட ஒரே கேள்வி: "ராவு என்ன சாப்பிட்டவர்?" வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு விரதம். மத்தியானம் ஒரு நேரச் சோறு, இரவில் பிளேன்டீ மட்டும். ஆனால் குளிசையைத் தவறவிடக் கூடாது என்று சொல்லியிருந்தபடியால் எட்டரைக்குச் சரியாகப் போட்டுவிடுவார். நேரத்தைப் பிடித்துக்கொண்டார், சாப்பாட்டை விட்டுவிட்டார். அன்று படுக்க வைத்துப் பார்த்தபோது பிரஷர் 138/80. எழுப்பி நிறுத்தி ஒரு நிமிஷத்தில் பார்த்தால் 104/66. அப்பா கட்டில் கம்பியைப் பிடித்தபடி "மேனே, சுத்துது" என்றார்.

டொக்டர் குளிசையை மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மாற்றினார். விரத நாளிலும் அப்பா விடாத சாப்பாடு அது ஒன்றுதான். அன்றிரவு போடாமல் விட்டு மறுநாள் மத்தியானத்திலிருந்து தொடங்கினார். இரண்டு மாதமாகிறது, விழவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்ததா?

வாழைச்சேனைப் பொடியன்:

எங்கள் மாமாவுக்கும் நடந்தது அண்ணே. புரோஸ்டேட் குளிசை எதுவாக இருந்தாலும் வெறும் வயிற்றில் போட்டால் மருந்து ஒரேயடியாக ஏறும், அதுதான் காரணம். மாமா இப்போது படுக்கும்போது இரண்டு கிளாஸ் தண்ணீர் குடிக்கிறார், பிரஷர் இறங்காது. கேப்சூல் விழுங்கக் கஷ்டம் என்று உடைத்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கிறோம்.

சம்மாந்துறை மருந்தாளர், ஓய்வு:

தம்பி, உடைப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். அந்த உறைக்குள் இருக்கிற சின்னச் சின்ன மணிகள் மருந்தை மெல்ல மெல்ல விடுவதற்காகச் செய்யப்பட்டவை. பழத்தோடு சேர்த்து மென்றால் அந்த வேலை கெட்டுப்போகும். விழுங்க முடியாவிட்டால் டொக்டரிடம் சொல்லி வேறு மருந்து கேட்கலாம்.

நீங்கள் சொன்னது டம்சுலோசினுக்குச் சரி. வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் அதன் உச்ச அளவு சாப்பிட்டுப் போடுவதை விட 40 முதல் 70 சதவீதம் வரை கூடும், சீக்கிரமாகவும் கூடும். சாப்பிட்டுப் போட்டால் ஆறு ஏழு மணித்தியாலத்தில் வருகிற உச்சம், வெறும் வயிற்றில் நாலு ஐந்திலேயே வந்துவிடும். ஆனால் "எதுவாக இருந்தாலும்" என்பது பிழை. அல்ஃபுசோசின் என்று இன்னொரு குளிசை இருக்கிறது, அதுவும் தினமும் ஒரே சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதுதான். அதை வெறும் வயிற்றில் போட்டால் ஏறாது, பாதிதான் உடம்பில் சேரும். தலை சுற்றாமல் இருக்கலாம், சலம் மறுபடி தடைப்படும். டம்சுலோசினிலேயே சாப்பாட்டைப் பொருட்படுத்தாத மாதிரிச் செய்த குளிசையும் உண்டு. ஆகவே முதலில் பெட்டியில் உள்ள பெயரைப் பாருங்கள், உள்ளே மடித்து வைத்திருக்கிற தாளையும் வாசியுங்கள்.

படுக்கப்போகிற நேரம் இரண்டு கிளாஸ் தண்ணீர் என்றால் மாமா இன்னும் இரண்டு தரம் எழும்புவார். விழுவதற்கு இன்னும் இரண்டு சந்தர்ப்பம். பகலில் நன்றாகக் குடிக்கட்டும்.

கல்லடித் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். விழுந்த நாளுக்கு முன் குளிசை இடையில் நின்றதா? பிரஷருக்கு, சீனிக்கு வேறு மருந்து போடுகிறாரா?

திருக்கோவில் தங்கச்சி:

எங்கள் அம்மாவுக்கும் இரவில் தலை சுற்றுகிறது. கட்டிலில் புரண்டு படுத்தாலே வீடு சுற்றுகிறதாம். அம்மா பிரஷர் குளிசை போடுகிறவர். அதையும் மத்தியானத்துக்கு மாற்றலாமா?

சம்மாந்துறை மருந்தாளர், ஓய்வு:

தங்கச்சி, நீங்களாக ஒன்றையும் மாற்ற வேண்டாம். நாங்கள் பேசுவது எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவதைப் பற்றி. படுத்தபடி புரளும்போதே வீடு சுற்றினால் அது பெரும்பாலும் காதுச் சங்கதி. காட்டிப் பார்த்தால் தெரியும், அதற்கு வேறு வைத்தியம்.

கல்லடிக்காரன்:

சீனி இல்லை. பிரஷர் குளிசை ஒன்று விடியப் போடுகிறார். இடையில் நின்றதா என்று கேட்டீர்களே, அதை நான் யோசிக்கவே இல்லை. மூன்றாம் தரத்துக்கு முன் கிளினிக்கில் ஸ்டொக் முடிந்து நாலு நாள் போடவில்லை. வெளியில் வாங்கித் திரும்பத் தொடங்கியது அந்த வெள்ளிக்கிழமைதான்.

சம்மாந்துறை மருந்தாளர், ஓய்வு:

அப்படியென்றால் தையல் விழுந்த நாளில் இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது. இந்த வகைக் குளிசைகள் முதல் நாளில்தான் ஆளை அதிகம் ஆட்டும். சில நாள் நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் உடம்புக்கு அதுவும் முதல் நாள் மாதிரி. அதுவும் வெறும் வயிற்றில். எது எவ்வளவு செய்தது என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது. முதல் இரண்டு தரமும் வெறும் வயிறு மட்டும்தான் போலிருக்கிறது.

ஏன் சரியாக இரண்டு மணி என்று கேட்டால் கணக்குப் பாருங்கள். எட்டரைக்கு வெறும் வயிற்றில் போட்டால் உச்சம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில். சலம் முட்டி எழும்புகிற நேரமும் அதை ஒட்டித்தான். இந்த மருந்து மூத்திரப்பையின் வாயையும் புரோஸ்டேட்டையும் இளக்குகிறது. கொஞ்சம் ரத்தக் குழாயையும் இளக்கிவிடும். படுத்திருந்து எழும்பினால் ரத்தம் காலுக்கு இறங்கும், குழாய் உடனே இறுக வேண்டும். இளகிய குழாய் பிந்தி இறுகும். அந்தப் பத்து இருபது வினாடியில்தான் கண் இருட்டுவது. நின்றபின் மேல் எண் 20க்கு மேல் இறங்கினாலே கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். அப்பாவுக்கு 34 இறங்கியிருக்கிறது.

காத்தான்குடி நானா:

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு 66, அதே கேப்சூல், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. நோன்பு மாதத்தில் குழம்பிப்போனேன். நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழம், அரைக் கோப்பை கஞ்சி, உடனே கேப்சூல். அதைச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டேன். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாத உடம்பு. தராவீஹில் சுஜூதிலிருந்து எழும்பும்போது முன்னால் இருந்தவரின் முதுகில் சாய்ந்துவிட்டேன்.

இன்னொன்று, எங்கள் வீட்டில் குந்துகிற கக்கூஸ். குந்தியிருந்து சட்டென்று எழும்புவது கட்டிலிலிருந்து எழும்புவதை விட மோசம். கல்லடித் தம்பியின் அப்பா படியில் விழுந்தது போகும்போதா வரும்போதா?

கல்லடிக்காரன்:

வரும்போது, நானா. நின்றபடி சலம் போய்விட்டுத் திரும்புகையில்.

சம்மாந்துறை மருந்தாளர், ஓய்வு:

நிறைந்த மூத்திரப்பை சட்டென்று காலியானாலும் பிரஷர் இறங்கும். அதனால் இரவில் ஆண்களும் இருந்து போவது நல்லது. நானா, குந்துகிற இடத்தில் கைக்குப் பிடி ஒன்று அடியுங்கள். நோன்புக்கு என் கருத்து, தராவீஹ் முடிந்து வயிறாரச் சாப்பிடுவீர்கள் அல்லவா, அதற்குப் பிறகு போடலாம். ஆனால் உச்சம் விடியப்புறம்தான் வரும், சஹருக்கு எழும்புகிற நேரம். சஹருக்குப் பிறகு போட்டால் உச்சம் பகல் பத்து பதினொன்றுக்கு, தண்ணீர் குடிக்க முடியாத வெயில் நேரம். இரண்டிலும் ஒரு குறை இருக்கிறது. நோன்புக்கு முன்பே கிளினிக்கில் கேட்டு ஒன்றை முடிவெடுத்து மாதம் முழுக்க அதையே பிடியுங்கள்.

வாழைச்சேனைப் பொடியன்:

அப்படியென்றால் மாமாவின் டொக்டர் ஏன் படுக்கும்போது போடச் சொன்னார்? தலை சுற்று நித்திரையில் போய்விடும் என்றாரே.

சம்மாந்துறை மருந்தாளர், ஓய்வு:

பழைய பிராசோசின், டெராசோசின் காலத்து வழக்கம் அது, காரணமில்லாமல் வந்ததல்ல. முதல் குளிசையை விழுங்கிவிட்டு நடமாடினால் விழுவார்கள் என்று படுக்கையில் கொடுப்பார்கள். இரவு முழுக்க எழும்பாமல் தூங்குகிறவருக்குச் சரி. மூன்று தரம் எழும்புகிற கிழவருக்குச் சரியா என்பதில் டொக்டர்மாருக்குள்ளேயே இரண்டு கட்சி. உங்கள் மாமா எத்தனை தரம் எழும்புகிறார் என்று டொக்டருக்குத் தெரியுமோ? கேட்டுப் பாருங்கள்.

கல்லடிக்காரன்:

எழும்புகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் அதுதான் பெரிய சண்டை. மிஸ்ஸி சொல்லித் தந்தது: கண் விழித்ததும் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் பத்துப் பதினைந்து தரம் ஆட்ட வேண்டும். பிறகு காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் கட்டில் விளிம்பில் இருக்க வேண்டும். எழும்பி, கட்டிலைப் பிடித்தபடி கொஞ்சம் நின்று பார்த்துத்தான் முதல் அடி. கண் மங்கினால் "கக்கூஸ் கிட்டத்தானே" என்று நடக்கக் கூடாது, அந்த இடத்திலேயே இருந்துவிட வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு நிமிஷம் என்பது நாலு வினாடி. கடைசியில் ஒரு வழி கண்டோம். கட்டில் விளிம்பில் இருந்து ஒரு தேவாரத்தை முழுதாகச் சொல்லி முடித்துத்தான் எழும்புவார். சத்தமாகச் சொல்வதால் அம்மாவுக்கும் தெரிந்துவிடும்.

காத்தான்குடி நானா:

நல்லாயிருக்கு! எனக்கு ஆயத்துல் குர்ஸி. நிதானமாக மூன்று தரம்.

திருக்கோவில் தங்கச்சி:

கட்டிலடியில் போத்தல் வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே?

கல்லடிக்காரன்:

வைத்திருக்கிறோம். வாய் அகலமான பிளாஸ்டிக் போத்தல். முதல் பத்து நாள் அப்பா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இப்போது மழை இரவில் மட்டும் பாவிக்கிறார், கட்டில் விளிம்பில் இருந்தபடி. யாராவது வீட்டுக்கு வந்தால் துவாயைப் போட்டு மூடிவிடுவார்.

நேற்றுக் கிளினிக்கில் பார்த்தது: படுத்து 136/80, நின்று ஒரு நிமிஷத்தில் 126/76, மூன்று நிமிஷத்திலும் கிட்டத்தட்ட அதேதான். இரவில் இரண்டு தரம் எழும்புவது அப்படியே இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அம்மா இன்னும் சனிக்கிழமை விளக்கு வைக்கிறார். அப்பா விழாமல் இருப்பது அதனால்தானாம்.