பல் ‘பல’ ஆனால் அதற்கு என்ன பெயர்?

பூங்கோதை:
வணக்கம். பழைய விலங்கியல் பாடநூலின் பக்கமொன்றைப் படமெடுத்து, எழுத்துணரியில் கொடுத்து, கிடைத்த உரையை ஆங்கிலத்தில் பெயர்க்கிறேன். ‘பல் அமைப்பு’ என்ற தலைப்பு ‘பல அமைப்பு’ என்று வந்தது. ஆங்கிலத்தில் அமைப்புகள் பல இருந்தன, பல்லைத்தான் காணோம். பிழைதிருத்தியும் வாய் திறக்கவில்லை. ‘பல’ நல்ல சொல்தானே! இப்படி ஓர் எழுத்து வேறொன்றாகப் படிக்கப்படுவதை ‘போலியெழுத்து’ எனலாமா?

கதிரவன்:
போலி வேண்டாம். முதற்போலி, கடைப்போலி என்று இலக்கணத்தில் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. உங்கள் சிக்கலுக்கு வேர் கூட்டெழுத்து. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை எல்லாம் ஒட்டிய வடிவங்கள். யூனிகோடில் அவற்றுக்கு இடமே இல்லை. எழுத்துணரி என்ன செய்யும்?

இளவழகி:
தனி இடம் தேவையில்லை, கதிரவன். துதிக்கை வைத்த லை ஆனாலும் இன்றைய லை ஆனாலும் குறியீடு ஒன்றே, எழுத்துருதான் வேறு. பழைய அச்சைக் காட்டி எழுத்துணரியைப் பழக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பூங்கோதையின் ‘பல்’லில் கூட்டெழுத்தே இல்லை. நிழல் விழுந்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கித் தூசி நீக்கும்போது, சிறிய புள்ளியும் தூசியோடு போய்விடுகிறது.

பெயருக்கு வருகிறேன். காதை ஏமாற்றும் ல, ள, ழ மயங்கொலி என்றால், கண்ணை ஏமாற்றுவது ‘மயங்குரு’. ரகரமும் காலும் மயங்கினால் ‘மரம்’ ‘மாம்’ ஆகும். அதையாவது கண்டுபிடித்துவிடலாம். ‘கௌதாரி’யின் கௌ, கெ + ள என்று இரண்டாகப் பதிந்தால் திரையில் வேறுபாடே தெரியாது, அகராதியில் மட்டும் சொல் கிடைக்காது. யூனிகோடு சீராக்கம் ெ, ா இரண்டையும் இணைத்து ொ ஆக்கும். ள என்பது முழு எழுத்து என்பதால் அதைத் தொடாது. அதை நாமே தேடி மாற்ற வேண்டும். ஆனால் ‘கெளுத்தி’யில் இருப்பது உண்மையான ளகரம், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள்.

சிவநேசன்:
அருமையான சொல். என் மாணவர்கள் ‘மணம்’ என்பதை ‘மனம்’ என்று எழுதித் தள்ளுகிறார்கள். இனி அதை மயங்குருப் பிழை என்றே குறிக்கிறேன்.

இளவழகி:
அது மயங்கொலிதான் ஐயா. அவர்கள் காதால் கேட்டு எழுதுகிறார்கள்.

பூங்கோதை:
மயங்குரு பிடித்திருக்கிறது. ஆனால் என் ‘பல்’ அதில் அடங்குமா? அங்கே உரு மயங்கவில்லை, புள்ளி தொலைந்திருக்கிறது. தலைப்பையாவது, கீழே ‘கோரைப் பற்கள்’ இருந்ததால் பிடித்துவிட்டேன். அடுத்த பக்கத்தில் ‘பல வகை’ என்று வந்திருக்கிறது. மூலத்தில் ‘பல் வகை’யா, ‘பல வகை’யா என்பதை வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. படத்தைப் பெரிதாக்கினால் லகரத்தின் மேல் ஒரு மங்கல் தெரிகிறது.

கதிரவன்:
அப்படியென்றால் அதற்குத் தனியாகப் ‘புள்ளியுதிர்வு’ என்று வைப்போம்.

இளவழகி:
இரண்டும் இருக்கட்டும். ஆனால் பிழை நல்ல சொல்லாகவே வந்து நின்று தப்பிப்பதற்குத்தானே பூங்கோதை முதலில் பெயர் தேடினார்? அதற்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘மறைபிழை’ எனலாம், ஆனால் ‘மறை’ என்றதும் வேதம் நினைவுக்கு வருகிறது. அந்த மங்கலை மட்டும் வெட்டி அனுப்புங்கள், பார்க்கிறேன்.