உள்மார்புத் தமனிக்கு ஒரு ஒட்டு, கால்சிரைக்கு ஒரு ஒட்டு: என்ன பெயர் வைக்கலாம்?

அனுப்புநர்: ராஜவேல், சித்தூர்

நண்பர்களுக்கு வணக்கம். சித்தூர், பலமனேர், குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்காக பைபாஸ் அறுவை பற்றி நாலு பக்கக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே பள்ளியில் தெலுங்கு படித்தவர்கள்தான் அதிகம். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கும் புரிய வேண்டும்.

பைபாஸ் என்பதை அப்படியே விட்டுவிட்டேன், அது ஊர்ச் சொல்லாகிவிட்டது. இடிப்பது கிராஃப்ட். மார்பெலும்பின் உள்பக்கம் இறங்கும் தமனியைப் பிரித்து இதயத்தில் தைப்பதும் கிராஃப்ட்தான், காலிலிருந்து சிரையை வெட்டி எடுத்து வைப்பதும் கிராஃப்ட்தான். முதலாவதை 'உள்முலைத் தமனி' என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். அறுபது வயது ஆணிடம் அதைப் படித்துக்காட்ட எனக்குத் தைரியமில்லை. 'உள்மார்புத் தமனி ஒட்டு', 'கால்சிரை ஒட்டு' என்று வைக்கலாமா?

அனுப்புநர்: முனிரத்தினம், பலமனேர்

சார், 'ஒட்டு' நல்ல சொல். நர்சரி வைத்திருப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். மாவில் நெருக்கு ஒட்டு என்று உண்டு. தாய்மரத்துக் கிளையை வெட்டாமலே வளைத்து, பக்கத்துக் கன்றோடு சேர்த்துக் கட்டுவோம். மென்தண்டு ஒட்டில் குச்சியை முதலிலேயே வெட்டி எடுத்துவிடுவோம். நீங்கள் சொல்லும் மார்புத் தமனியும் மேல்முனை அறுபடாமல்தானே வருகிறது? அப்படியானால் அது 'வேரொட்டு', காலிலிருந்து வருவது 'வெட்டொட்டு'. வேர் அறுபடாததால்தான் அது பல வருடம் தாங்குகிறது என்பதையும் பெயரே சொல்லிவிடும்.

அனுப்புநர்: கோவிந்தசாமி, குப்பம்

ஐயா, எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். எனக்கு 2012இல் மூன்று அடைப்புக்கு ஆபரேஷன் ஆனது. நெஞ்சிலிருந்து ஒரு நரம்பு, காலிலிருந்து இரண்டு நரம்பு. சர்க்கரை அப்போதே இருந்தது. போன வருடம் மாடிப்படி ஏறும்போது மறுபடி நெஞ்சைப் பிடித்தது. ஆஞ்சியோ எடுத்தார்கள். நெஞ்சு நரம்பு சுத்தமாக ஓடுகிறதாம். வலப்பக்கத்துக்கு வைத்த கால் நரம்பு முழுக்க மூடிவிட்டது. இன்னொன்று பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது. நெஞ்சு நரம்பே நல்லது என்றால் மூன்றையும் அதிலேயே வைத்திருக்கலாமே? காலில் வெட்டிய இடம் இன்றும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. இதையும் கையேட்டில் போடுங்கள்.

அனுப்புநர்: மருத்துவர் மீனாட்சி, வேலூர்

கோவிந்தசாமி ஐயா, ராஜவேல் சார் கேட்டது பெயரை. ஆனாலும் உங்கள் ஆஞ்சியோவை வைத்தே பெயரையும் பேசலாம்.

முனிரத்தினம் அண்ணா சொன்னதில் பாதி சரி. இடது உள்மார்புத் தமனியின் மேல்முனையை வழக்கமாக வெட்டுவதில்லை. இடது கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியிலிருந்து அது கிளைக்கிறது. அந்தத் தொடர்பை விட்டுவைத்து, கீழ்முனையை மட்டும் வெட்டி, இதயத்தின் முன்பக்கம் இறங்கும் தமனியில் தைக்கிறோம். தையல் ஒரே இடத்தில்தான். கால்சிரைக்கு இரண்டு தையல், ஒரு முனை மகாதமனியில், மறுமுனை இதயத் தமனியில். சிரைக்குள் வால்வுகள் இருப்பதால் தலைகீழாகத் திருப்பி வைக்கிறோம், இல்லையென்றால் ரத்தம் போகாது.

ஆனால் நீண்ட நாள் உழைப்பதற்கு முக்கியக் காரணம் வேர் இல்லை, சுவர். உள்மார்புத் தமனியையே மேலேயும் வெட்டி மகாதமனியில் தைப்பது உண்டு. அப்படி வைத்ததும் பெரும்பாலும் சிரையைவிட நன்றாகவே ஓடுகிறது. இந்தத் தமனிச் சுவரில் உள்பக்கமாக ஒரு மீள்நார்ப் படலம் இருக்கிறது. அதில் ஓட்டைகள் குறைவு. அதனால் நடுச்சுவரிலிருக்கும் தசைச் செல்கள் உள்ளே நுழைந்து பெருகுவது கடினம். உள்தோல் நைட்ரிக் ஆக்சைடை நிறையச் சுரந்து குழாயை விரிவாக வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமலும் பார்த்துக்கொள்கிறது.

கால்சிரை சின்ன அழுத்தத்திலேயே வாழ்ந்து பழகியது. திடீரென்று 120 அழுத்தத்தில் அதை மாட்டுகிறோம். முதல் மாதத்தில் மூடினால் பெரும்பாலும் ரத்தக்கட்டிதான் காரணம், எடுக்கும்போது சுவர் இழுபட்டிருக்கலாம், தையல் சரியாக அமையாமலும் இருக்கலாம். அதன்பிறகு ஒரு வருடம் வரைக்கும் அழுத்தத்தைத் தாங்க உள்சுவர் தடிக்கிறது. அந்தத் தடிப்பின் மேல்தான் பிற்பாடு கொழுப்புப் படிகிறது. பத்து வருடத்தில் உள்மார்புத் தமனி ஒட்டுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் திறந்திருக்கின்றன. சிரை ஒட்டுகளில் ஏறக்குறைய பாதி மூடியோ மோசமாகச் சுருங்கியோ போவதைப் பழைய ஆய்வுகள் காட்டின. ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் விடாமல் சாப்பிட்டால் நிலைமை கொஞ்சம் மேல். ஐயாவுக்கு நடந்தது இந்தக் கணக்கையொட்டித்தான்.

முன்தமனிக்கு உள்மார்புத் தமனி வைத்தவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று கிளீவ்லாண்ட் மருத்துவமனை 1986இல் வெளியிட்ட பிறகுதான் இது எங்கும் வழக்கமானது. இடது கீழறையின் பெரும்பகுதிக்கு அந்த முன்தமனிதான் ரத்தம் தருகிறது. உங்களுக்கு அது திறந்திருப்பதால் படியேறும்போது வலி வந்ததோடு நின்றது.

மூன்றுக்கும் ஏன் வைக்கவில்லை? இருபக்க உள்மார்புத் தமனிகளையும் எடுத்தால் மார்பெலும்புக்குப் போகும் ரத்தம் குறையும். சர்க்கரைக்காரருக்கு எலும்பு கூடாமல் சீழ் பிடிக்கும் ஆபத்து அதிகம். இதய தமனி லேசாக மட்டும் அடைத்திருந்தால் இன்னொரு சங்கடம். அதிலேயே ரத்தம் தாராளமாக ஓடுவதால், ஒட்டிய தமனிக்கு வேலையில்லாமல் நூல் மாதிரி சுருங்கிவிடும். இவற்றில் உங்களுக்கு எது காரணம் என்பது உங்கள் அறுவைக் குறிப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

அனுப்புநர்: முனிரத்தினம், பலமனேர்

சரி டாக்டரம்மா, வேர்தான் காரணம் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். நெருக்கு ஒட்டிலும் பிடித்தபின் தாய்மரத்திலிருந்து அறுத்துவிடுவோம், அதனால் அதுவும் முழுசாகப் பொருந்தாது. ஆனால் 'வேரொட்டு' வேண்டவே வேண்டாமா?

அனுப்புநர்: மருத்துவர் மீனாட்சி, வேலூர்

வேண்டும் அண்ணா, ஒரு காரணத்துக்காக. இடது கைத் தமனி துவக்கத்திலேயே சுருங்கினால், அதிலிருந்து கிளைக்கும் ஒட்டுக்கும் ரத்தம் குறையும். ஒட்டு சுத்தமாக இருந்தாலும் நெஞ்சு வலிக்கும், அதிலும் இடது கையால் பாரம் தூக்கும்போது. அறுவைக்கு முன்பும் பின்பும் இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். இடது கையில் 15, 20 குறைவாக இருந்தால் மேலே பார்க்க வேண்டும். இந்த இடத்தில் 'வேர்' சரியாக வேலை செய்கிறது.

ஆக ஒரே சொல்லில் இரண்டையும் திணிக்க வேண்டாம். எங்கிருந்து எடுத்தது என்பதற்கு 'உள்மார்புத் தமனி', 'கால்சிரை'. மேல்முனை அறுத்ததா இல்லையா என்பதற்கு 'வேரொட்டு', 'வெட்டொட்டு'. முன்கைத் தமனி எடுத்து வைப்பார்கள். அது தமனி, ஆனால் வெட்டொட்டு.

அனுப்புநர்: கோவிந்தசாமி, குப்பம்

இரண்டு கையிலும் பார்த்தேன். வலது 138, இடது 134. பக்கத்து மருந்துக்கடைப் பையன் ஏன் என்று கேட்டான். 'வேரொட்டு' என்றேன், முழித்தான்.

ஒன்று சொல்கிறேன் ஐயா, சிரை என்று போட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நரம்பு என்றே போடுங்கள்.

அனுப்புநர்: ராஜவேல், சித்தூர்

நரம்பு என்று போட்டால், மரத்துப்போனதாகச் சொன்னீர்களே, அதற்கு என்ன சொல்வது? அது நிஜமாகவே நரம்பு. சிரையை ஒட்டி ஓடும் உணர்ச்சி நரம்பு அடிபட்டால்தான் அப்படி ஆகும். தெலுங்கிலும் பேச்சில் நரம் என்றே இரண்டையும் சொல்கிறார்கள், அதனால் குழப்பம் இரட்டிப்பு. முதல் பக்கத்தில் 'காலிலிருந்து எடுக்கும் ரத்தக்குழாய், அதாவது கால்சிரை' என்று எழுதிப் பார்க்கிறேன்.

'வேரொட்டு' கையேட்டில் இருக்கும், இரண்டு கை அழுத்தம் பற்றிய பத்தியில் மட்டும். 'வெட்டொட்டு' கொஞ்சம் கசாப்புக்கடை வாசம் அடிக்கிறது. வேறு சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அச்சகத்துக்குத் திங்கள் கொடுக்க வேண்டும்.