கலைச்சொல் தேவை: போன் தானே சூட்டிக்கொள்ளும் மேக் முகவரிக்கு

கயல்விழி

அனைவருக்கும் வணக்கம். வீட்டு ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைப் பார்த்து, நமக்குத் தெரியாத சாதனம் ஏதும் இணைந்திருக்கிறதா என்று கண்டறிய ஒரு கையேடு எழுதுகிறேன். அதற்காக எங்கள் வீட்டு ரூட்டரின் திரைப்பிடிப்பு ஒன்றை எடுத்தேன். சிக்கலான மூன்று வரிகளை மட்டும் தட்டச்சு செய்து தருகிறேன். கடைசி இரண்டு வரிகளில் முகவரியின் பின்பாதியை மறைத்திருக்கிறேன்.

```
Hostname    MAC Address        IP Address    Lease Time
ESP_4B21D0  5C:CF:7F:4B:21:D0  192.168.1.14  18:22:05
*           DA:31:90:xx:xx:xx  192.168.1.23  23:41:10
*           7E:08:C5:xx:xx:xx  192.168.1.27  02:15:47
```

மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்துகளை வைத்துத் தயாரிப்பாளரைத் தேடலாம் என்று எழுதியிருந்தேன். கடைசி இரண்டு வரிகளுக்குத் தேடினால் எந்த நிறுவனமும் வரவில்லை. போன்கள் இப்போது தாங்களே ஒரு முகவரியை உருவாக்கிக்கொள்கின்றன என்பது அப்புறம்தான் புரிந்தது. அந்த முகவரியைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'ரேண்டம்' என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'சமவாய்ப்பு' என்கிறது, இலங்கை வழக்கு 'எழுமாறு' என்கிறது. 'சமவாய்ப்பு முகவரி' என்று எழுதினால் என் அம்மாவுக்குப் புரியாது.

சுந்தரம்

கயல்விழி, இதற்கு 'போலி முகவரி' என்பதே போதும். உண்மையான முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகிறது, அதுதானே போலி. அடையாளம் காண்பதும் எளிது. முதல் இணையின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது இந்த வகை. உங்கள் DA, 7E இரண்டும் அப்படித்தான். ஆகவே அவை ஏதோ போன்கள், கவலைப்பட வேண்டாம் என்று கையேட்டில் எழுதிவிடலாம்.

நிலா

கயல் அக்கா, இதே ESP_ வரியைப் பார்த்து நான் இரண்டு நாள் பயந்திருக்கிறேன். கடைசியில் அது விளக்கு மாட்டியிருந்த ஸ்மார்ட் பிளக். பெயரில் உள்ள 4B21D0 முகவரியின் கடைசி ஆறு எழுத்துகள்தான், பாருங்கள். பிளக்கைக் கழற்றி, ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டதும் என் வரி காணாமல் போனது. 192.168 என்று தொடங்கும் எண்ணைத்தானே முகவரி என்கிறீர்கள்? அதுவும் அவ்வப்போது மாறுகிறதே, அதற்கும் இதே சொல்லா?

மாறன்

நிலா, 192.168 என்று வருவது ஐபி முகவரி. அதை ரூட்டர் கொடுக்கிறது. இங்கே பேசுவது சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் மேக் முகவரி. உங்கள் பிளக் விஷயம் சரிதான். 5C:CF:7F என்பது எஸ்பிரசிஃப் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட முன்னொட்டு. விளக்கு, பிளக் போன்றவற்றில் அவர்களின் சில்லுகள் நிறைய இருக்கின்றன.

சுந்தரம் ஐயா, எழுத்து அடையாளம் நீங்கள் சொன்னதுதான். ஆனால் அதிலிருந்து 'கவலைப்பட வேண்டாம்' என்று போவதை நான் ஏற்க மாட்டேன். நம் கடவுச்சொல் தெரிந்த வெளியாள் ஒருவரின் போன் இணைந்தாலும் அதே A, E தான் வரும். அந்த எழுத்து சொல்வது ஒன்றே ஒன்று: இந்த முகவரியைத் தயாரிப்பாளர் கொடுக்கவில்லை, ஆகவே நிறுவனத்தைத் தேடிப் பயனில்லை. நம்முடையதா அயலாருடையதா என்று அது சொல்லாது. போன்தான் என்றும் உறுதியில்லை. கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிக்கும் இப்படி வரலாம். சில வைஃபை நீட்டிப்பான்களும் தமக்குப் பின்னால் உள்ள சாதனங்களின் முகவரியை மாற்றிக் காட்டும்.

அதனால்தான் 'போலி' வேண்டாம் என்கிறேன். படிப்பவர் அந்த வரியைப் பார்த்ததும் திருடன் என்று நினைப்பார். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 10 முதல் இது இயல்பாகவே இயங்கும் வசதி. எழுத்தாளர் தானே சூட்டிக்கொள்வதைப் புனைபெயர் என்கிறோம், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. 'புனைமுகவரி' என்று வைக்கலாமே?

கயல், உங்கள் திரைப்பிடிப்பில் இன்னொன்று இருக்கிறது. Lease Time நெடுவரிசையைப் பாருங்கள், ரூட்டர் கொடுத்த ஐபி முகவரியின் குத்தகையில் மீதி உள்ள நேரம் அது. குத்தகை 24 மணி நேரம் என்றால், இணைந்திருக்கும் சாதனம் வழக்கமாகப் பாதி நேரம் கழிந்ததும், அதாவது 12 மணி நேரத்தில், புதுப்பித்துக்கொள்ளும். 23:41 மீதி உள்ள வரி சுமார் 19 நிமிடம் முன்பு புதுப்பித்தது. 02:15 மீதி என்றால் அந்தச் சாதனம் கிட்டத்தட்ட 22 மணி நேரமாக ரூட்டருடன் பேசவே இல்லை. பெரும்பாலும் அது இப்போது அங்கே இல்லை, பட்டியலில் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உங்கள் ரூட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் தனித்தனி வைஃபை பெயரா?

கயல்விழி

ஆமாம் அண்ணா, இரண்டு பெயர். ஏன்?

மாறன்

> ஆமாம் அண்ணா, இரண்டு பெயர்.

போன் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வேறு வேறு முகவரியை உருவாக்கும். நேற்று ஒரு பெயரிலும் இன்று மற்றொரு பெயரிலும் இணைந்த ஒரே போன் இரண்டு வரிகளாக நிற்கும். வீட்டில் உள்ள ஒவ்வொரு போனிலும் வைஃபை அமைப்புக்குள் போய், இணைந்திருக்கும் வலையமைப்பின் விவரத்தைத் திறங்கள். அங்கே இப்போதைய மேக் முகவரி இருக்கும், அதைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மற்றொரு பெயரில் இணைத்து மறுபடியும் பாருங்கள். போனை அணைத்துவிட்டு வரி மறைகிறதா என்று பார்த்தால் ஏமாறுவீர்கள். இது குத்தகைப் பட்டியல், ரூட்டரை மறுதொடக்கம் செய்யாவிட்டால் குத்தகை முடியும்வரை வரி அப்படியே இருக்கலாம்.

கயல்விழி

பார்த்துவிட்டேன். அம்மாவின் போன் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் DA:31:90 என்று காட்டியது. பழைய பெயரில் இணைத்ததும் 7E:08:C5. மறைத்த பின்பாதியும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. நேற்று நான்தான் அந்தப் போனைப் பெயர் மாற்றி இணைத்தேன், மறந்தே போய்விட்டது.

கையேட்டில் இப்போதைக்குப் 'புனைமுகவரி' என்று எழுதுகிறேன். 'தயாரிப்பாளரைத் தேடுங்கள்' என்ற பத்திக்கு முன்னால், அந்த இரண்டாவது எழுத்தைப் பார்க்கச் சொல்லும் பத்தியை நகர்த்திவிட்டேன்.

சுந்தரம்

வரி விஷயத்தில் மாறன் சொன்னது சரி, நான் அவசரப்பட்டேன். சொல்லில் எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை. 'புனைவு' என்றாலே இன்று கற்பனைக் கதை என்றுதான் பொருள் போகிறது. இல்லாத முகவரி என்று நினைப்பார்கள், ஆனால் இந்த முகவரிக்குத்தான் தரவு வந்து சேர்கிறது. 'தற்சூட்டு முகவரி' என்பதை யோசியுங்கள். மெய்நிகர் கணினியையும் அது உள்ளடக்கும்.

மாறன்

'தற்சூட்டு' பொருளில் துல்லியம்தான் ஐயா. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் சூடேறுவது போல இருக்கிறது. தவிர, மெய்நிகர் கணினிக்கு அதை இயக்கும் மென்பொருள்தான் முகவரி சூட்டுகிறது, அது தானாகச் சூட்டிக்கொள்வதில்லை.

நிலா

அப்படியென்றால் என் பிளக்கில் ஆலையிலேயே பதித்து வந்த முகவரிக்கு என்ன சொல்? கையேட்டில் இரண்டும் அடுத்தடுத்து வருமே. 'பிறவி முகவரி' என்றால் சரிவருமா?