சிறியதாகத் தெரியும் ஸ்கிரீன்ஷாட், எடையோ 3 எம்பி: குறைக்க வழி தேவை

குழுவினருக்கு வணக்கம். விண்ணப்பத்துடன் இணைப்பதற்காக, பணம் கட்டியதற்கான ரசீதுப் பக்கத்தை என் அக்கா கைபேசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறார். அது 3 எம்பிக்கு மேல் இருக்கிறது. இணையதளமோ 500 கேபி வரைதான் ஏற்கிறது. வேர்டில் மூலையைப் பிடித்து இழுத்துத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிய பிறகும் எடை ஏன் குறையவில்லை என்பது அவருடைய குழப்பம்.

அப்படி இழுப்பது காட்டப்படும் அளவை மட்டுமே மாற்றுகிறது. உள்ளே 1080 × 2400, அதாவது ஏறத்தாழ 26 லட்சம் பிக்சல்கள் அப்படியே இருக்கின்றன. பிக்சலுக்கு 3 பைட் என்று கணக்கிட்டால், சுருக்கப்படாத நிலையில் அது சுமார் 7.8 எம்பி. பிஎன்ஜி வடிவம் எந்த விவரத்தையும் இழக்காமல் சுருக்குவதால், வெள்ளைப் பின்னணியில் எழுத்து மட்டும் உள்ள திரை சில நூறு கேபியில் அடங்கிவிடும். அதே அளவுள்ள திரையில் புகைப்படம் நிறைந்திருந்தால், பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் அவ்வளவு சுருங்காது. இந்த ரசீதிலோ எழுத்துக்குப் பின்னால் முழுக்க ஒரு புகைப்படம் (யாருடைய ரசனையோ!).

ஜேபெக்காக மாற்றினால் எடை இறங்குகிறது. ஆனால் சிறிய எழுத்துகளின் விளிம்பில் அழுக்குப் புள்ளிகள் தோன்றி, ரசீது எண்ணில் இருப்பது 6 ஆ, 8 ஆ என்று தெரியவில்லை. அகலத்தை 540 ஆக்கினால் பிக்சல்கள் கால்வாசியாகும், எழுத்தும் மங்கும்.

பிக்சல்களைக் குறைக்காமல், நிறங்களை மட்டும் 256 ஆகக் குறைத்து பிஎன்ஜியாகவே சேமிக்கும் ஆண்ட்ராய்டு செயலி எதையேனும் பயன்படுத்தியவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். ரசீதில் வங்கி விவரங்கள் இருப்பதால், படத்தை வேறொரு தளத்தில் ஏற்றாமல் கைபேசியிலேயே செய்யும் வழியாக இருக்க வேண்டும்.