இன்ஸ்டா, வாட்ஸ்அப் நீல டிக் மாசக் கட்டணம்: சின்ன பலகாரக் கடைக்குத் தேவையா?

பலகாரக்கடை_காரைக்குடி:
வணக்கம். காரைக்குடியில எங்க வீட்டுப் பலகாரக் கடை. கைமுறுக்கு, சீப்புச் சீடை, மனோகரம், அதிரசம் எல்லாம் வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து சென்னை, கோவைக்கு அனுப்புறோம். மாசம் ஏறக்குறைய 60 வெளியூர் ஆர்டர். இன்ஸ்டாவுல எங்க படங்களையே எடுத்துப் போட்டு, கடைப் பேர்ல ஒரு புள்ளியை மட்டும் கூட்டி யாரோ கணக்குத் திறந்திருக்காங்க. ரெண்டு பேர் அதுல அட்வான்ஸ் கட்டி ஏமாந்துட்டாங்க. மாசக் கட்டணம் கட்டி மெட்டா வெரிஃபைடு நீல டிக் வாங்கினா இது நிக்குமா? இன்ஸ்டாவுக்கு வாங்கணுமா, வாட்ஸ்அப்புக்கா? ஒரு ஆர்டர்ல சரக்கு, பெட்டி, கூரியர் எல்லாம் போக கையில நிக்கிறது சுமார் 180 ரூபாய்.

தேவகோட்டை_சுப்பு:
கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடுங்க அண்ணே. டிக் இருந்தா ரீல்ஸ் நிறைய பேருக்குப் போகும், ஆர்டர் தானா கூடும். போலிக் கணக்கையும் அவங்களே தூக்கிடுவாங்க.

பள்ளத்தூர்_மீனா:
சுப்பு தம்பி சொன்னதுல பாதி சரி. ஆள்மாறாட்டத்தைக் கவனிக்கிறது அந்தத் திட்டத்துலயே இருக்கு. ரீல்ஸ் பரவுறதுக்குக் காசு கட்டினதா நெனைக்காதீங்க. அங்க வேலை செய்யிறது வீடியோவும் அதைப் பாக்கிறவங்களும்தான்.

மொதல்ல மூணு விஷயத்தைப் பிரிச்சு வைங்க. மெட்டா பிசினஸ் கணக்குல ஜிஎஸ்டி, உத்யம் சான்றிதழ் மாதிரி ஆவணம் கொடுத்து நிறுவனத்தைச் சரிபார்க்கிறது இலவசம், ஆனா அதுக்கு டிக் வராது. பெரிய நிறுவனங்கள் வாட்ஸ்அப் ஏபிஐ வழியா வாங்குற அதிகாரப்பூர்வ கணக்கு வேற. அது பேர் தெரிஞ்ச நிறுவனமான்னு பாத்துத் தர்றது, காசுக்குக் கிடைக்காது. நீங்க கேக்குறது மூணாவது, மாசாமாசம் கட்டுற மெட்டா வெரிஃபைடு. இந்தியாவுல 2024-ல பிசினஸ் திட்டங்கள் வந்தப்ப ஒரு ஆப்புக்கு மாசம் 639 ரூபாயில தொடங்குச்சு, ரெண்டு ஆப்புக்கான உச்சத் திட்டம் 21,000 வரைக்கும் போச்சு. இப்ப உங்க திரையில என்ன தொகை வருதோ அதை வச்சுக் கணக்குப் போடுங்க.

639-ன்னே வச்சுக்குவோம். உங்க 180 ரூபாயால வகுத்தா 3.55. அதாவது மாசம் நாலு ஆர்டர் டிக்கால மட்டுமே கூடுதலா வந்தாத்தான் முதல் போகாது. ரெண்டு ஆப்புக்கும் தனித்தனியா வாங்கினா எட்டு. அறுபதுல எட்டுங்கிறது சின்ன விஷயமில்ல. அந்த நாலோ எட்டோ எங்கிருந்து வரும்னு பாக்கணும். அடுத்த ஒரு மாசம் ஒரு நோட்டுல எழுதுங்க: விலை கேட்டுட்டுப் போனவங்க எத்தனை பேர், "நீங்க ஒரிஜினல் கடைதானா"ன்னு கேட்டுட்டு வாங்காமப் போனவங்க எத்தனை பேர். ரெண்டாவது எண்ணிக்கைதான் டிக்கால மாறக்கூடியது. அது நாலுக்குக் கீழ இருந்தா வாங்காதீங்க.

பலகாரக்கடை_காரைக்குடி:
நோட்டு போடுறோம் ஆச்சி. ஆனா இப்ப ஓடிக்கிட்டிருக்கிற போலிக் கணக்கை என்ன பண்றது?

பள்ளத்தூர்_மீனா:
அது கட்டணத்துக்குக் காத்திருக்க வேண்டிய வேலை இல்ல. போலிக் கணக்கோட பக்கத்துல மூணு புள்ளியைத் தொட்டு ரிப்போர்ட் பண்ணுங்க, ஆள்மாறாட்டம்ங்கிற காரணத்தைத் தேர்ந்தெடுங்க. உங்க படத்தை அப்படியே போட்டிருக்கிறதால பதிப்புரிமைப் புகாரும் கொடுக்கலாம். எந்தெந்தப் பதிவுன்னு ஒவ்வொரு இணைப்பா கொடுத்து, உங்க மூலப் பதிவோட இணைப்பையும் சேருங்க. பொதுவா "எங்க படத்தைத் திருடிட்டாங்க"ன்னு எழுதினா எதை எதோட ஒப்பிடுறதுன்னே தெரியாது, புகார் அப்படியே நிக்கும். ஏமாந்த ரெண்டு பேரையும் 1930-க்கு உடனே கூப்பிடச் சொல்லுங்க, cybercrime.gov.in-லயும் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போறதுக்குள்ள சொன்னாத்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு.

டிக்கை விட உங்களுக்குப் பெரிய காவல் யூபிஐ-யில வர்ற பேரு. 2025 ஜூன் 30-க்குள்ள எல்லா ஆப்பும் வங்கியில பதிவான பேரையே காட்டணும்னு யூபிஐ-யை நடத்துற என்பிசிஐ சொல்லிடுச்சு. உங்க பணம் எந்தக் கணக்குக்கு வருது?

பலகாரக்கடை_காரைக்குடி:
அப்பா பேர்ல இருக்கிற சேமிப்புக் கணக்கு.

பள்ளத்தூர்_மீனா:
அங்கதான் ஓட்டை. கடைப் பேரை நம்பி வர்றவங்களுக்குப் பணம் கட்டுறப்ப ஒரு ஆளோட பேர் வருது. போலிக்காரன்கிட்டயும் ஒரு ஆள் பேர்தான் வரும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உத்யம், ஜிஎஸ்டி எது இருக்கோ அதைக் காட்டி கடைப் பேர்ல நடப்புக் கணக்கு திறங்க. அப்புறம் இன்ஸ்டாவுல மேல பின் பண்ணின பதிவுல ஒரே வரி: "பணம் கட்டும்போது இந்தப் பேர் வந்தா மட்டும் அனுப்புங்க." பக்கத்துலயே உங்க 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண். அதை யார் வேணும்னாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ-யோட ஃபாஸ்காஸ் தளத்துல போட்டுப் பாக்கலாம்.

ஆத்தங்குடி_டைல்ஸ்:
எனக்கும் டிக் பத்தி ஒரு கேள்வி. கூகுள் மேப்ல கடைக்கு டிக் போட வருஷம் 6,000 கட்டணும்னு ஒருத்தர் போன் பண்றார். கட்டலாமா?

கானாடுகாத்தான்_சோலை:
கட்டாதீங்க. கூகுள்ல கடையைச் சரிபார்க்கக் காசே இல்ல. போன், மின்னஞ்சல், வீடியோ, இதுல எது உங்களுக்குக் காட்டுதோ அதுல முடிச்சுக்கலாம். வீடியோ கேட்டா பெயர்ப்பலகை, தெரு, உள்ள டைல்ஸ் காயவைக்கிற இடம்னு ஒரே ஓட்டத்துல எடுங்க. போன்ல வர்ற ஓடிபியை மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க.

காரைக்குடி அண்ணனுக்கு ஒண்ணு. மெட்டா டிக்குக்கு விண்ணப்பிச்சுத் தள்ளுபடி ஆகுறதுக்குப் பெரும்பாலும் பேர் பொருந்தாததுதான் காரணம். கணக்குல "செட்டிநாடு ஸ்நாக்ஸ்", உத்யம்ல வேற பேர்னு இருந்தா நிக்காது. முதல்ல ரெண்டையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டு வாங்க, கடவுச்சொல்லோட ஓடிபியும் கேக்குற இரட்டைப் பூட்டையும் போட்டு வைங்க. டிக் வந்தப்புறம் பேரை மாத்தினா மறுபடி சரிபார்ப்பு. கட்டுறதை நிறுத்தினா டிக்கும் போயிடும். ஆப்பை அழிச்சா கட்டணம் நிக்காது. ப்ளே ஸ்டோர்ல எடுத்திருந்தா அங்கயே போய் ரத்து பண்ணணும்.

என்னைக் கேட்டா வாட்ஸ்அப்புக்கு வாங்கலாம். பேச்சும் பணமும் அங்கதானே நடக்குது. இணைக்கிற கருவிகளும் நாலுக்குப் பதிலா பத்து வரைக்கும் போகும்.

பள்ளத்தூர்_மீனா:
நான் அதுல ஒத்துப்போக மாட்டேன் சோலை. போலி வர்றது இன்ஸ்டாவுல. வாட்ஸ்அப்ல டிக் வாங்கினா அந்தப் பாதுகாப்பு வாட்ஸ்அப்போட முடிஞ்சிடும், இன்ஸ்டாவுக்கு வராது. ஏமாந்தவங்க உங்க வாட்ஸ்அப் எண்ணைப் பாக்கவே இல்ல, போலியோட எண்ணுக்குத்தான் போயிருக்காங்க. கட்டுறதா முடிவானா இன்ஸ்டாவுல அடிப்படைத் திட்டம் போதும்.

தேவகோட்டை_சுப்பு:
போலிக்காரனும் டிக் வச்சிருந்தா?

பள்ளத்தூர்_மீனா:
நல்ல கேள்வி தம்பி. பல பேர் முகப்புப் படத்துலயே டிக் வரைஞ்சு வச்சிடுறாங்க. உண்மையான டிக் பேருக்குப் பக்கத்துல இருக்கும், படத்துக்குள்ள இருக்காது. இதையும் பின் பண்ணின பதிவுல படம் போட்டுக் காட்டுங்க.

பலகாரக்கடை_காரைக்குடி:
நடப்புக் கணக்குக்கு நாளைக்கே வங்கிக்குப் போறோம். டிக் விஷயம் நோட்டு முடிஞ்சப்புறம். இன்னொன்னு கேக்கணும்: கடைப் பேரை வணிகச்சின்னமா பதிஞ்சா போலியை இறக்குறது சுலபமாகுமா?

கானாடுகாத்தான்_சோலை:
ஆகும், பதிவு எண் இருந்தா வணிகச்சின்னப் புகார் படிவமே தனியா உண்டு. சிறு தொழிலுக்கு இணையத்துல ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், முறுக்கு சீடைக்கு 30-ம் வகுப்பு. ஆனா "செட்டிநாடு"ங்கிற ஊர்ப் பேரை மட்டும் நம்பிப் போட்டா ஆட்சேபனை வரும். உங்க கடைக்குன்னே உள்ள பேர் என்னன்னு சொல்லுங்க, பாப்போம்.